தீபாவளி விளம்பரக் கணக்கு: மாதத்தை விடுங்கள், நாட்களை எண்ணுங்கள்

கேள்வி: சேலம் இளம்பிள்ளையிலிருந்து ஆன்லைனில் சேலை விற்கிறோம். 2024 அக்டோபரில் 2 லட்சம் ரூபாய் விளம்பரத்துக்கு 10 லட்சம் விற்பனை. 2025 அக்டோபரில் அதே 2 லட்சத்துக்கு 7.6 லட்சம்தான். விளம்பரம் சரியில்லை, ஆளை மாற்று என்கிறார் என் அண்ணன். மாற்ற வேண்டுமா? தினசரிக் கணக்கை இணைத்திருக்கிறேன்.

பதில்: ஆளை மாற்ற வேண்டாம். முதலில் தேதியை மாற்றிப் பார்ப்போம்.

2024-இல் தீபாவளி அக்டோபர் 31. மாதம் முழுக்கப் பண்டிகைக்கு முந்தைய நாட்கள். 2025-இல் அது அக்டோபர் 20. அதற்குப் பிறகு வந்த 11 நாளில் யாரும் சேலை தேடவில்லை, உங்கள் விளம்பரமோ 25 ஆயிரம் ரூபாய் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. செப்டம்பர் கடைசியில் வந்த நல்ல விற்பனையோ இந்தக் கணக்கிலேயே இல்லை.

அதனால் தேதியை விட்டுவிட்டு, தீபாவளிக்கு எத்தனை நாள் முன்பு என்று எண்ணுங்கள். ஷீட்டில் A-இல் தேதி, B-இல் செலவு, C-இல் விற்பனை இருக்கட்டும். D-இல் இதைப் போடுங்கள்:

```
=A2-DATE(2025,10,20)
```

செப்டம்பர் 22-க்கு -28 வரும். எண்ணுக்குப் பதில் விசித்திரமான தேதி தெரிந்தால், அந்தப் பத்தியை Number வடிவத்துக்கு மாற்றுங்கள். 2024 ஷீட்டில் DATE(2024,10,31). பிறகு D-இல் -28 முதல் -1 வரை உள்ள நாட்களின் செலவையும் விற்பனையையும் தனித்தனியாகக் கூட்டுங்கள். ஏன் 28 என்றால், எந்தக் கிழமையில் தீபாவளி வந்தாலும் அதற்குள் சரியாக நான்கு சனி, நான்கு ஞாயிறு இருக்கும். 30 நாள் எடுத்தால் ஒரு வருடத்துக்கு ஒரு ஞாயிறு கூடுதலாக விழுந்துவிடலாம்.

உங்கள் கணக்கில் இப்படி வருகிறது: 2024-இல் 1.9 லட்சம் செலவு, 9.7 லட்சம் விற்பனை. ஒரு ரூபாய் செலவுக்கு 5.1 ரூபாய் விற்பனை. 2025-இல் 2.1 லட்சம் செலவு, 9.6 லட்சம் விற்பனை. ரூபாய்க்கு 4.6. இறக்கம் இருக்கிறது, ஆனால் அண்ணன் சொன்ன அளவுக்கு இல்லை.

அந்த மிச்ச இறக்கம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்க, 28 நாளை இரண்டாக வெட்டினேன். கடைசி ஐந்து நாளை ஒதுக்கிவிட்டு முதல் 23 நாளைப் பார்த்தால் இரண்டு வருடமும் ரூபாய்க்கு 5.3. அப்படியே சமம்! கடைசி ஐந்து நாளில் மட்டும், 2024-இல் 40 ஆயிரத்துக்கு 1.7 லட்சம் வந்தது. 2025-இல் 50 ஆயிரத்துக்கு 1.1 லட்சம்தான்.

காரணம் கிழமை. 2024 தீபாவளி வியாழன். அதற்கு முந்தைய சனி, ஞாயிறு ஐந்தாம், நான்காம் நாள் முன்பு வந்தன. ஆர்டர் போட்டால் கூரியரில் வந்து சேரும் என்ற நம்பிக்கை இருந்தது. 2025-இல் தீபாவளி திங்கள். கடைசி சனி, ஞாயிறு என்பது பண்டிகைக்கு முந்தைய இரண்டு நாள். அன்றைக்கு ஆன்லைனில் சேலை வாங்கி யார் கட்டுவது? ரவிக்கை தைக்கக் கொடுக்கவும் முடியாது, தையல்காரர் எப்போதோ கையை விரித்திருப்பார். நேரில் விற்கும் கடைக்கு அந்த வார இறுதி பொன்னான நேரம். உங்களுக்கு அது வீண்செலவு. உங்களுக்குக் கடைசியாகப் பயன்பட்ட வார இறுதி அக்டோபர் 11, 12. அப்போதுதான் பட்ஜெட்டை ஏற்றியிருக்க வேண்டும்.

நாட்களை எண்ணினாலும் நேராகாத ஒன்று, வாங்குபவர்களின் சம்பளம். அது தீபாவளியைப் பார்த்து வருவதில்லை. செப்டம்பர் மாதச் சம்பளம் 2024-இல் தீபாவளிக்கு 31 நாள் முன்பே வந்துவிட்டது. 2025-இல் 20 நாள் முன்பு. சம்பள வாரத்தில் மட்டும் இரண்டு வருட எண்களும் ஒத்துப்போகாமல் துள்ளினால் விளம்பரத்தைக் குறை சொல்லாதீர்கள்.

இன்னொன்று, 2025 செப்டம்பர் 22-இல்தான் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. சேலைக்கு முன்பும் பின்பும் 5 சதவீதம்தான் என்பதால் உங்களைப் பெரிதாகத் தொடாது. ஆனால் ரெடிமேடில் 1,000 ரூபாய்க்கு மேல் 2,500 வரை உள்ளவை 12-லிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கின. சுடிதாரும் விற்றால் அதைத் தனிக் கணக்காகப் பாருங்கள்.

கூகுள் விளம்பரக் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. அங்கே Conversions பத்தி, ஆர்டர் வந்த நாளில் அல்ல, விளம்பரத்தைக் கிளிக் செய்த நாளில் எண்ணும். உங்கள் கடைக் கணக்கோ ஆர்டர் நாளில். கடைக் கணக்கோடு ஒப்பிட Conversions (by conv. time) பத்தியை எடுங்கள்.

2026-க்குத் திட்டமிடும்போது 2025-ஐத் தூரமாக வையுங்கள். 2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. 2023-இலும் ஞாயிறுதான், நவம்பர் 12. கிழமை அமைப்பு அப்படியே அதே. சம்பளம் மட்டும் நான்கு நாள் நெருங்கி வருகிறது: அக்டோபர் 31, சனிக்கிழமை. கூரியரில் அனுப்பக்கூடிய கடைசி வார இறுதியும் அதேதான். 2023-இன் தினசரிக் கணக்கைத் தேடி எடுத்து அனுப்புங்கள், அந்த இரண்டு நாளுக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்று சொல்கிறேன்.