எதைத் துண்டு போடுவது: பாதையையா, தண்ணீரையா?

கேள்வி: விசை செய்யும் வேலையைத் தொகையிட்டுக் கண்டுபிடிக்கும் பாடத்தில், ஸ்பிரிங் கணக்கில் F(x) dx என்று நேராகப் போட்டுவிடுகிறேன். தொட்டியிலிருந்து தண்ணீரை பம்ப் செய்யும் கணக்கு வந்தால் மட்டும் எது dy, எது தூரம், எல்லைகளை எங்கே வைப்பது என்று குழம்பிவிடுகிறது. இரண்டும் ஒரே பாடம்தானே?

பாடம் ஒன்றுதான். ஆனால் இரண்டிலும் வெட்டப்படுவது ஒன்றல்ல, குழப்பமே அங்கேதான். ஸ்பிரிங்கில் நகரும் முனை ஒன்றே ஒன்று, போகப் போக விசைதான் மாறுகிறது. அதனால் பாதையை வெட்டுகிறோம்: dx என்ற சின்னத் தூரத்துக்குள் விசை மாறவில்லை என்று வைத்துக்கொண்டு F(x) dx என்று எழுதுகிறோம். தொட்டியில் ஒரு சொட்டின் எடை வழியில் மாறுவதே இல்லை. மேலே கிடக்கும் தண்ணீர் கொஞ்சம் ஏறினால் போதும், அடியில் கிடப்பது நிறைய ஏற வேண்டும் என்பதுதான் சிக்கல். அதனால் அங்கே தண்ணீரை வெட்ட வேண்டும். ஒரு துண்டின் எடை, அந்தத் துண்டு ஏறும் முழுத் தூரம், இரண்டையும் பெருக்க வேண்டும்.

அதாவது முதல் வகையில் விசை முழுசு, தூரம் துணுக்கு. இரண்டாவதில் தூரம் முழுசு, எடை துணுக்கு. இரண்டையும் ஒரே கோவையில் கலந்தால்தான் வம்பு.

இரண்டு வழியிலும் போடக்கூடிய ஒரு கணக்கு இருக்கிறது, இதைப் பார்த்தால் விஷயம் பிடிபட்டுவிடும். மேலிருந்து 20 மீட்டர் கயிறு தொங்குகிறது, மீட்டருக்கு 3 நியூட்டன் எடை. முழுதாக மேலே இழுக்க வேண்டும். கயிற்றை வெட்டினால், உச்சியிலிருந்து x ஆழத்தில் இருக்கும் துண்டின் எடை 3 dx, அது ஏறும் தூரம் x. 0 முதல் 20 வரை 3x dx என்று தொகையிட்டால் 600 ஜூல். பாதையை வெட்டினால், x மீட்டர் இழுத்து முடித்த நேரத்தில் இன்னும் தொங்குவது (20 − x) மீட்டர், அப்போது கைக்குத் தெரியும் விசை 3(20 − x). அதை dx தூரம் இழுக்கிறோம். தொகையிட்டால் அதே 600. இரண்டையும் கலந்து 3(20 − x)·x dx என்று எழுதினால் என்ன ஆகும்? அலகைப் பாருங்கள்: நியூட்டன்–மீட்டர் வர வேண்டிய இடத்தில் நியூட்டன்–சதுர மீட்டர் வந்து நிற்கும். தொகையிடுவதற்கு முன்பே தப்பு தெரிந்துவிடும்.

சரி, தொட்டிக்கு வருவோம். முனை கீழே இருக்கும் கூம்புத் தொட்டி: உயரம் 6 மீட்டர், மேல் விளிம்பில் ஆரம் 3 மீட்டர். முனையிலிருந்து 4 மீட்டர் உயரம் வரை தண்ணீர். விளிம்புக்கு 1 மீட்டர் மேலே உள்ள குழாய்வாய் வழியாக எல்லாவற்றையும் வெளியேற்ற வேண்டும்.

முதலில் y-ஐ எங்கிருந்து அளக்கிறீர்கள் என்று படத்திலேயே எழுதிவிடுங்கள். நான் முனையில் y = 0 என்று வைக்கிறேன். துண்டுகள் படுக்கையாகத்தான் இருக்க வேண்டும். செங்குத்தாக வெட்டினால் ஒரே துண்டுக்குள் மேல் தண்ணீரும் அடித் தண்ணீரும் சேர்ந்துவிடும், 'இந்தத் துண்டு ஏறும் தூரம்' என்று ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. படுக்கை வெட்டு என்றால் y உயரத்தில், dy தடிமனில், ஒரு வட்டத் தட்டு. வடிவொத்த முக்கோணங்களின்படி ஆரம் / y = 3/6, ஆகவே ஆரம் y/2. கன அளவு π(y/2)² dy. கன மீட்டருக்குத் தண்ணீரின் எடை 9800 நியூட்டன், எனவே தட்டின் எடை 2450π y² dy. (1000 கிலோ என்பது நிறை, அதை 9.8 ஆல் பெருக்கியபின்தான் எடை. கணக்கில் அடர்த்தி கிலோவில் தரப்பட்டிருந்தால் இதை மறக்க வேண்டாம்.)

குழாய்வாய் y = 7-இல் இருக்கிறது, தட்டு y-இல் இருக்கிறது, ஏற வேண்டியது 7 − y. தண்ணீர் இருப்பது 0 முதல் 4 வரை, அதனால் எல்லைகளும் அவைதான். தொட்டியின் உயரமோ குழாயின் உயரமோ எல்லைக்குள் வராது. எல்லை என்பது துண்டுகள் எங்கிருந்து எங்கே வரை கிடக்கின்றன என்பது மட்டுமே.

W = ∫₀⁴ 2450π y² (7 − y) dy = 2450π (448/3 − 64) = 2450π × 256/3

தோராயமாக 6,57,000 ஜூல்.

நிறையப் பேர் சறுக்குவது ஆரத்தை அடியிலிருந்தும் தூரத்தை மேலிருந்தும் அளந்து, இரண்டுக்கும் y என்றே பெயர் வைக்கும்போதுதான். விளிம்பிலிருந்து கீழ்நோக்கி அளப்பதும் சரிதான், ஆனால் அப்போது எல்லாமே மாற வேண்டும்: ஆரம் (6 − y)/2, தூரம் y + 1, எல்லை 2 முதல் 6. விடை அதேதான் வரும். எழுதிய கோவையில் முனைக்குரிய y-ஐப் போட்டுப் பாருங்கள். ஆரம் 0, தூரம் 7 வரவில்லை என்றால் அளவுகோல்கள் கலந்துவிட்டன.

விடை வந்தபின் ஒரு சோதனையும் செய்யலாம். மொத்தத் தண்ணீரின் எடை 9800 × 16π/3, கிட்டத்தட்ட 1,64,000 நியூட்டன். வேலையை இதால் வகுத்தால் சராசரி ஏற்றம் கிடைக்கும். இங்கே சரியாக 4 மீட்டர். மேற்பரப்புத் தண்ணீர் 3 மீட்டர் ஏறுகிறது, முனைத் தண்ணீர் 7 மீட்டர் ஏறுகிறது, கூம்பின் அகலமான பகுதி மேலே இருப்பதால் சராசரி 3-க்குப் பக்கத்தில் இருப்பதே நியாயம். எல்லையைத் தவறுதலாக 0 முதல் 6 என்று போட்டிருந்தால் சராசரி 8.4 மீட்டர் வரும். எந்தத் தண்ணீரும் 7-க்கு மேல் ஏறவே இல்லையே! தூரத்தை 7 − y-க்குப் பதில் y என்று எழுதியிருந்தால் சராசரி சரியாக 3 வரும். எல்லாத் தண்ணீரும் மேற்பரப்பிலேயே மிதந்தால்தான் அது நடக்கும்.

அப்புறம், இதைப் படிக்கும்போது எழக்கூடிய ஒரு சந்தேகம்: பம்ப் தொட்டியின் அடியில் இருந்து, அடித் தண்ணீரையே உறிஞ்சினால் எல்லாத் தண்ணீரும் 7 மீட்டர் ஏற வேண்டாமா? வேண்டாம். மேலே இருக்கும் தண்ணீரின் அழுத்தம் பம்ப்புக்கு உதவுகிறது. நீர்மட்டம் h-இல் இருக்கும்போது 7 மீட்டருக்கான அழுத்தத்தில் h மீட்டருக்கானதை அந்தத் தண்ணீரே கொடுத்துவிடும், மீதி 9800(7 − h)-ஐ மட்டும் பம்ப் கொடுத்தால் போதும். மட்டம் dh இறங்கும்போது வெளியேறும் கன அளவு π(h/2)² dh. பெருக்கிப் பாருங்கள், மேலே எழுதிய அதே தொகையீடுதான், y-க்குப் பதில் h, அவ்வளவே. குழாயின் உராய்வு, தண்ணீர் வெளிவரும் வேகம், மோட்டாரின் இழப்பு எதுவும் இதில் சேரவில்லை. நிஜ பம்ப்புக்கு இதைவிடக் கூடுதல் ஆற்றல் பிடிக்கும்.