கல்யாணப் பத்திரிகை வாசகத்தை ஒரு வரியா சுருக்கலாமா? கேள்விகளும் பதில்களும்

(22 வருஷமா அச்சகத்துல கல்யாணப் பத்திரிகை கம்போஸ் பண்றேன், உங்க வாசகத்தை அப்படியே போடுங்க, பாத்து சொல்றேன்.)

கேள்வி: அண்ணா, வீட்ல இருக்கிற பழைய வாசகம் இது: "நிகழும் மங்களகரமான விசுவாவசு வருஷம் தை மாதம் 14ஆம் தேதி (28.1.2026) புதன்கிழமை காலை 6 மணிக்கு மேல் 7.30 மணிக்குள் சுபயோக சுபதினத்தில் எங்கள் குமாரன் சிரஞ்சீவி கதிருக்கும் சௌபாக்கியவதி மலர்விழிக்கும் பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டபடி திருமணம் நடைபெறுவதால் தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து மணமக்களை ஆசீர்வதிக்க வேண்டுகிறோம்." இதை வாட்ஸ்அப்புக்கு ஒரு வரியா மாத்தணும், அப்பா கோச்சுக்கக் கூடாது.

பதில்: தம்பி, இதுல அப்பா விட்டுக்கொடுக்க மாட்டாருன்னு நான் நினைக்கிறது மூணு. அழைக்கிறது பெத்தவங்க, பெரியவங்க சம்மதம் இருக்கு, சொந்தபந்தத்தோட வரச் சொல்றோம். மீதியெல்லாம் தேதி விவரம், அதைக் கீழ தனி வரியா இறக்கிடலாம்.

முதல்ல நான் எழுதினது "எங்கள் மகன் கதிர் மலர்விழியைக் கரம்பிடிக்கிறான்". படிச்சுப் பாத்தா ரெண்டு இடம் இடிக்குது, பத்திரிகைல மாப்பிள்ளைய "றான்"னு சொல்றது பெரியவங்க கண்ணுக்கு உறுத்தும், பொண்ணு வீட்டுக்காரங்களுக்கோ அவங்க பொண்ணு யாரோ எடுத்துக்கிட்டுப் போற பொருள் மாதிரி ஆயிடுது. வினையை எடுத்துட்டா ரெண்டும் சரியாயிடும்:

"பெரியோர் ஆசியுடன் எங்கள் இல்லத் திருமணம்: கதிர் – மலர்விழி. சுற்றமும் நட்பும் சூழ வந்து வாழ்த்த வேண்டுகிறோம்."

கீழ "தை 14, புதன் (28.1.2026), காலை 6.00 – 7.30", அதுக்குக் கீழ மண்டபம், கடைசியா ரெண்டு பக்கத்துப் பெத்தவங்க பேர். "எங்கள் பிள்ளைகள்"னு போடலாமேன்னு தோணும், போடாதீங்க, அவசரத்துல படிக்கிறவங்களுக்கு அண்ணன் தங்கச்சி மாதிரி கேக்கும். மேல பிள்ளையார் சுழியும் குலதெய்வம் பேரோட "துணை"யும் இருக்கட்டும், அதுக்கு எவ்வளவு இடம் வேணும் சொல்லுங்க.

கேள்வி: சௌபாக்கியவதின்னா சுமங்கலி, கல்யாணத்துக்கு முன்னாடி அப்படிப் போடுறதே தப்புன்னு எங்க மாமா சொல்றாரு. அதனால திருவளர்ச்செல்வின்னு போட்டுட்டேன், கரெக்டா?

பதில்: மாமா சொல்ற அர்த்தம் சரிதான்மா, ஆனா மணப்பெண்ணுக்கு அப்படிப் போடுறது ரொம்ப நாளா இருக்கிற வழக்கம், அப்படி ஆகணும்னு வாழ்த்துற மாதிரிதான் எல்லாரும் எடுத்துக்கிறாங்க, அதைத் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். உங்க வார்த்தையும் நல்ல வார்த்தை, ஆனா நடுவுல இருக்கிற "ச்"ஐ எடுத்துடுங்க. வளர்செல்வி வினைத்தொகை, அங்க வல்லினம் மிகாது, திருவளர்செல்வின்னுதான் வரணும். திருநிறைசெல்வனும் அப்படித்தான். நிறைய பேர் "ச்" போட்டுத்தான் கொண்டுவர்றாங்க, நான் ஒவ்வொரு தடவையும் கேட்டுட்டுத் திருத்துவேன்.

கேள்வி: எங்க அப்பா இல்ல. அம்மா பேர்ல அழைக்கலாமா? சித்தப்பா பேரைத்தான் போடணும்னு சொந்தத்துல பிடிவாதம் பிடிக்கிறாங்க.

பதில்: தாராளமா அம்மா பேர்ல அழைங்க. "தெய்வத்திரு" சேர்த்து அப்பா பேரை முதல்ல போட்டு, பக்கத்துலயே அம்மா பேர், ஆனா வேண்டுகிறோம்னு வர்ற இடத்துல "வேண்டுகிறேன்"னு மாத்துங்க, ஏன்னா இப்ப அழைக்கிறது அவங்க ஒருத்தர்தான். இதை மாத்தாம விட்டா இறந்தவரும் சேர்ந்து கூப்பிடுற மாதிரி ஆயிடும், ப்ரூஃப்ல நிறைய பேர் கவனிக்கிறதே இல்ல. சித்தப்பாவுக்குக் கீழ "தங்கள் நல்வரவை விரும்பும்"னு தனி இடம் குடுங்க, அதுலயும் அவர் சமாதானம் ஆகலைன்னா அது வீட்ல உக்காந்து பேச வேண்டிய விஷயம், வாசகத்தால தீராது.

கேள்வி: எங்களோடது லவ் மேரேஜ், ரெண்டு வீடும் கடைசில ஒத்துக்கிட்டாங்க. "பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டு"ன்னு போட்டா பொய் இல்லையா?

பதில்: அதான் மேல "நிச்சயிக்கப்பட்டு"ங்கிறதையே எடுத்துட்டு "ஆசியுடன்"னு வச்சேன், ஆசி குடுத்தது உண்மைதானே. ஆனா போன மாசம் ஒரு பொண்ணோட அப்பா "நிச்சயிச்சதே நாங்கதான்னு இருக்கணும்"னு என் எதிர்லயே சொன்னாரு, பொண்ணு தலையாட்டிடுச்சு, அப்படியே அடிச்சுக் குடுத்தேன். எது சரின்னு எனக்கு இன்னும் தெளிவு வரல.

கேள்வி: ரிசப்ஷனுக்கு மட்டும் ஒரு வரி குடுங்க சார், கல்யாணம் ஊர்ல முடிஞ்சிடும்.

பதில்: அது வேற வாசகம் சார். "ஊரில் மணம் முடித்த கதிர் – மலர்விழி வரவேற்பு, மாலை 6.30 முதல், வந்து வாழ்த்த வேண்டுகிறோம்"னு போதும். "மணம் முடித்த"ங்கிறதை விட்டீங்கன்னா தாலி கட்டுறதைப் பாக்கலாம்னு காலைலயே வந்துடுவாங்க.

கேள்வி: பிரிண்டுக்குக் குடுக்குறதுக்கு முன்னாடி எதைப் பாக்கணும்?

பதில்: தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை மூணையும் தினசரி காலண்டர் தாளை வச்சு ஒத்துப் பாருங்க. ஒரு தடவை பழைய கார்டைக் காப்பி பண்ணி தேதிய மட்டும் மாத்தினேன், கிழமை பழசே நின்னுடுச்சு, கிழமையப் பாத்து ஒரு வேன் நிறைய சொந்தக்காரங்க முந்தின நாளே வந்து இறங்கிட்டாங்க. அந்தப் பொண்ணோட அம்மாதான் ராத்திரி ஒரு மணிக்கு எனக்குப் போன் பண்ணாங்க.