மலேரியா வட்டப் படத்தில் இரண்டு அம்புக்குறிகளே எல்லை தாண்டும்

"மலேரியா ஒட்டுண்ணியின் வாழ்க்கை வட்டப் படத்தில் எது நுளம்புக்குள், எது மனிதனுக்குள் என்று குழம்புகிறது. எங்கிருந்து வாசிப்பது?"

படத்தின் நடுவே ஒரு கோடு போடுங்கள். அதைத் தாண்டுவது இரண்டு அம்புக்குறிகள்தான். இரண்டுமே பெண் அனோபிலிஸ் நுளம்பின் கடி.

முதல் கடியில் உமிழ்நீரோடு வரும் ஸ்போரோசோயிட்டுகள் ஈரலுக்குப் போகும். அங்கே ஒன்று ஆயிரக்கணக்கான மெரோசோயிட்டுகளாகப் பெருகிச் செங்குழியங்களுக்குள் நுழையும். வைவாக்ஸ் இனத்தில் ஏறத்தாழ 48 மணிக்கொரு தடவை செங்குழியங்கள் வெடிக்கும், காய்ச்சல் அப்போதுதான். சில மெரோசோயிட்டுகள் பெருகாமல் புணரிக்குழியங்களாகிக் காத்திருக்கும்.

பிழை விடும் இடம் இதுதான். கருக்கட்டலை மனித இரத்தத்தில் வரையாதீர்கள். இரண்டாவது கடியில் உறிஞ்சப்பட்ட பிறகு, நுளம்பின் இரைப்பையில்தான் புணரிகள் உருவாகி இணையும். நுகம் இரைப்பைச் சுவரைத் துளைத்து, வெளிப்புறத்தில் ஊசிஸ்ட் என்ற கட்டியாகும். அது வெடித்தால் ஸ்போரோசோயிட்டுகள் உமிழ்நீர்ச் சுரப்பியை அடையும். ஒடுக்கற்பிரிவும் நுளம்புக்குள்ளேயே, மனிதப் பக்கம் முழுவதும் ஒருமடியம்.

நுளம்புப் பகுதிக்கு வெப்பம் வேண்டும். 25 பாகைக்கு மேல் பத்து நாள் போல எடுக்கும். 16 பாகைக்குக் கீழ் வைவாக்ஸும் முழுமையடையாது. நுவரெலியாக் குளிரில் ஊசிஸ்ட் முதிருமுன் பெரும்பாலும் நுளம்பே செத்துவிடும்.