43 மின்னஞ்சல்களும் 4 கிணறுகளும்

அன்புள்ள அக்கா,

நான் களுவாஞ்சிகுடி. வந்தாறுமூலைக் கம்பஸில் போன வருடம் விஞ்ஞான சிறப்புப் பட்டம் முடித்தேன். இரண்டாம் வகுப்பு மேல்நிலை. வெளிநாட்டில் ஆய்வுப் பட்டம் செய்ய மேற்பார்வையாளர் தேடி ஜனவரியிலிருந்து 43 பேராசிரியர்களுக்கு ஈமெயில் அனுப்பிவிட்டேன். அமெரிக்காவிலிருந்து ஒருவர் மட்டும் "எங்கள் துறைக்கு விண்ணப்பியுங்கள்" என்று ஒரு வரி போட்டார், மறுத்துவிட்டார் போல. மற்றவர்களிடமிருந்து எதுவுமே இல்லை. நான் அனுப்பியதை இணைத்திருக்கிறேன். எங்கே பிழை என்று சொல்வீர்களா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் சுயவிபரக்கோவையின் இரண்டாம் பக்கத்தில், கணினி அறிவுக்கும் வலைப்பந்தாட்டத்துக்கும் நடுவில், ஒரு வரி இருக்கிறது: "இறுதியாண்டு ஆய்வு – களுவாஞ்சிகுடிக் கிணறுகளின் நீர்த்தரம்." அது என்ன என்று நான் கேட்டதும் அன்றிரவே இரண்டு பக்கம் எழுதி அனுப்பினீர்கள். உங்கள் அனுமதியோடு அதை இங்கே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பதில் அதற்குள்தான் இருக்கிறது.

கடலுக்கும் வாவிக்கும் இடையில் 24 கிணறுகள். ஒக்டோபர் தொடங்கி பெப்ரவரி வரை மாதம் ஒருமுறை மின்கடத்துதிறன் அளந்திருக்கிறீர்கள். நீரில் உப்பு கூடினால் அதுவும் கூடும். ஒக்டோபரில் அநேகமாக எல்லாமே 2,000 மைக்ரோசீமன்ஸுக்கு மேல். மாரி மழை விழுந்து ஜனவரி வந்ததும் 20 கிணறுகள் 1,000-க்குக் கீழே இறங்கிவிட்டன. 4 கிணறுகள் இறங்கவில்லை. அந்த 4 வீட்டிலும் மேல் தாங்கியும் மோட்டரும் இருந்தன. மற்ற 20-இல் மோட்டர் இருந்தது 3 வீட்டில்தான். எழுவான்கரையில் பிறந்த ஒருவருக்கு இது என்னவென்று உடனே விளங்கும். நம் மணலுக்குள் நன்னீர், உப்புநீரின் மேலே மெல்லிய வில்லைபோல மிதக்கிறது. ஏட்டுக்கணக்கில், கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். மேலே மோட்டர் போட்டு இறைத்துக் கொஞ்சம் குறைத்தாலும் அடியிலிருந்து உப்பு கூம்புபோல எழும்பி வரும். சுனாமிக்குப் பிறகு கிணற்றைத் துப்புரவாக்குகிறோம் என்று அளவுக்கு மீறி இறைத்த இடங்களில் உப்பு குறையாமல் நின்றதை என் சொந்த வீட்டுக் கிணற்றிலேயே பார்த்தேன்.

இவ்வளவும் கையில் இருக்கிறது. ஆனால் 43 பேருக்குப் போன ஈமெயிலில் இதில் ஒரு சொல்கூட இல்லை. முதல் பந்தியில் ஆய்வின்மேல் உங்களுக்குள்ள பேரார்வம், இரண்டாவதில் அவருடைய பல்கலைக்கழகத்தின் உலகப் புகழ், மூன்றாவதில் சிறுவயதுக் கனவு, கடைசியில் முழுப் புலமைப்பரிசில் கிடைக்குமா என்ற கேள்வி.

இப்படியான ஈமெயில்களை நான் மறுபக்கத்திலிருந்து படித்திருக்கிறேன். அவுஸ்திரேலியாவில் கலாநிதிப் பட்டம் செய்துகொண்டிருந்த காலத்தில், என் மேற்பார்வையாளர் மாணவர் விசாரணைகளைத் தனிக் கோப்பில் போட்டு, முதலில் என்னைத்தான் பார்க்கச் சொல்வார். வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வரும். பொதுக் கடிதத்தைக் கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும். பேராசிரியரின் பெயர் மட்டும் வேறு எழுத்துருவில் அல்லது வேறு அளவில் நிற்கும், வெட்டி ஒட்டியதன் அடையாளம் அது. சிலநேரம் அதே கடிதம் பக்கத்து அறைக்காரருக்கும் போயிருக்கும், தேநீர் குடிக்கும்போது அது வெளிப்பட்டுவிடும். உங்கள் பட்டியலில் ஒரே துறையில் மூன்று பேர் இருக்கிறார்கள். அதை இனிச் செய்யாதீர்கள்.

அந்தக் கோப்பிலிருந்து அவர் பதில் எழுதியவை எல்லாவற்றுக்கும் ஒரு ஒற்றுமை இருந்தது. அனுப்பியவர் எதையோ அளந்திருப்பார் அல்லது செய்துபார்த்திருப்பார், அதில் ஒரு விளங்காத இடம் இருக்கும், அந்த இடம் பேராசிரியர் செய்துகொண்டிருக்கும் வேலையைத் தொடும். உங்கள் 4 கிணறுகள் அந்த இடம்.

அதனால் 43 பேர் வேண்டாம். கரையோர நிலத்தடி நீரில், குறிப்பாக நன்னீர் வில்லைகளிலும் இறைப்பதால் உப்பு எழும்புவதிலும், கடந்த மூன்று வருடத்துக்குள் கட்டுரை எழுதிய ஐந்தாறு பேரைத் தேடுங்கள். ஒவ்வொருவரின் ஒரு கட்டுரையையாவது முழுதாகப் படியுங்கள். கட்டுரையின் முடிவில் நன்றியுரை என்று சின்ன எழுத்தில் ஒரு பந்தி வரும், யாரும் படிப்பதில்லை. எந்த நிதியத்தின் பணத்தில் அந்த வேலை நடந்தது என்று அங்கேதான் எழுதியிருப்பார்கள். அந்தத் திட்டம் அண்மையில் தொடங்கியது என்றால் மாணவரை எடுக்கப் பணம் இருக்க வாய்ப்பு உண்டு. பிறகு அவருடைய பக்கத்துக்குப் போய் இப்போதைய மாணவர்களின் பட்டியலைப் பாருங்கள். ஓய்வுநிலைப் பேராசிரியர் என்று போட்டிருந்தால் பொதுவாகப் புதிய மாணவரை முதன்மை மேற்பார்வையாளராக எடுக்க மாட்டார். அந்தப் பக்கத்தில் வருங்கால மாணவருக்கென்று ஏதாவது எழுதியிருந்தால் கடைசி வரிவரை படியுங்கள். சிலர், தலைப்பு வரியில் ஒரு குறிப்பிட்ட சொல்லைப் போடச் சொல்லியிருப்பார்கள். அது இல்லாத ஈமெயிலைத் திறக்காதவர்களும் உண்டு.

சரி, ஈமெயிலுக்கு வருவோம். நீங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதப்போகிறீர்கள், ஆனால் என்ன சொல்லவேண்டும் என்பதை முதலில் தமிழில் முடிவுசெய்தால் ஆங்கிலம் தானாக எளிமையாக வரும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்.

தலைப்பு வரி: "மணற்கரைக் கிணறுகளில் உப்பு எழும்புதல் – அடுத்த வருட ஆய்வு மாணவர் இடம் பற்றி"

"பேராசிரியர் இன்னார் அவர்களுக்கு,

நான் இலங்கை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞான சிறப்புப் பட்டம் பெற்றவர். இறுதியாண்டில், கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் இடையிலுள்ள மணல் திட்டில் 24 வீட்டுக் கிணறுகளின் மின்கடத்துதிறனை ஐந்து மாதம் அளந்தேன். வடகீழ்ப் பருவமழைக்குப் பின் 20 கிணறுகள் நன்னீராக மாறின. 4 மாறவில்லை. அந்த நான்கிலும் மின்மோட்டரால் நீர் இறைக்கப்படுகிறது. ஆனால் மோட்டர் உள்ள வேறு 3 கிணறுகள் நன்னீராகிவிட்டன. இதற்குக் காரணம் இறைக்கும் அளவா, கிணற்றின் ஆழமா என்பதை என் தரவால் பிரிக்க முடியவில்லை.

இன்ன வருடத்தில் வந்த உங்கள் கட்டுரையில், விட்டுவிட்டு இறைக்கும்போது உப்பு மீண்டும் இறங்க எடுக்கும் நேரத்தைக் கணித்திருந்தீர்கள். அந்த முறையை, ஒரு நாளில் இரண்டு தடவை மட்டும் இறைக்கும் சிறு வீட்டுக் கிணறுகளுக்குப் பொருத்திப் பார்க்க விரும்புகிறேன்.

அடுத்த வருடம் நீங்கள் ஆய்வு மாணவரை எடுக்கிறீர்களா? அப்படியானால் ஒரு பக்கத் திட்டத்தை அனுப்பலாமா? என் சுயவிபரமும் பெறுபேறுகளும் ஒரே கோப்பாக இணைக்கப்பட்டுள்ளன."

அவ்வளவுதான். இரண்டாம் பந்தி ஒவ்வொருவருக்கும் மாறும். அவருடைய கட்டுரையில் உண்மையில் இருப்பதை அங்கே எழுதவேண்டும். "உங்கள் கட்டுரை அருமை" என்று எழுதினால் நீங்கள் தலைப்பை மட்டும் பார்த்தீர்கள் என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். முதல் பந்தியில் 3 கிணறுகளைப் பற்றியும் "பிரிக்க முடியவில்லை" என்றும் வருவதைப் பார்த்து உங்கள் சேர் கவலைப்படக்கூடும், பலவீனத்தை ஏன் காட்டுகிறாய் என்று. காட்டுங்கள். மேற்பார்வையாளர் தேடுவது தன் தரவின் எல்லை தெரிந்த மாணவரைத்தான். அதோடு அந்த விளங்காத இடம்தானே உங்கள் அடுத்த மூன்று வருட வேலை.

கேள்வியையும் கவனியுங்கள். ஆம், இல்லை என்று ஒரு நிமிடத்தில் பதில் எழுதக்கூடிய கேள்வி அது. முழுப் புலமைப்பரிசில் தருவீர்களா என்று முதல் ஈமெயிலிலேயே கேட்டால் அவரால் பதில் சொல்ல முடியாது, அது பெரும்பாலும் அவர் கையில் இல்லை. பணத்தைப் பற்றி இரண்டாவது, மூன்றாவது ஈமெயிலில் வெளிப்படையாகக் கேட்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி அந்த அமெரிக்கப் பேராசிரியர். அவர் மறுத்ததாக நான் நினைக்கவில்லை. அமெரிக்காவில் பல துறைகளில் மாணவரை ஒரு குழுதான் தெரிவுசெய்யும், தனிப் பேராசிரியர் முன்கூட்டி வாக்குக் கொடுக்க முடியாது. அதனால் "விண்ணப்பியுங்கள்" என்பது அங்கே வழமையான பதில். அவருக்கு 4 கிணறுகளைப் பற்றி மூன்று வரி எழுதி, விண்ணப்பத்தில் அவர் பெயரைக் குறிப்பிடலாமா என்று கேளுங்கள். அவுஸ்திரேலியா, ஜப்பான், கனடா போன்ற இடங்களில் பெரும்பாலும் நிலைமை மறுவளம். அங்கே விண்ணப்பிக்க முதலே மேற்பார்வையாளரின் சம்மதம் தேவைப்படும். ஆகவே அந்த நாடுகளுக்கு, விண்ணப்ப முடிவு நாளுக்கு நாலைந்து மாதம் முன்பே எழுதிவிடவேண்டும். கடைசி வாரத்தில் வரும் ஈமெயிலை விரும்பினாலும் அவரால் ஏற்க முடியாது.

பதில் வராவிட்டால் இரண்டு கிழமை பொறுத்து, அதே ஈமெயிலின் கீழே இரண்டு வரியில் ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் வராவிட்டால் அடுத்தவருக்குப் போங்கள். யாராவது மேற்பார்வைக்கு முற்பணம் கேட்டால் அது மோசடி, எந்தப் பேராசிரியரும் அப்படிக் கேட்கமாட்டார்.

அனுப்புவதற்கு முன் ஒன்று கட்டாயம். உங்கள் இறுதியாண்டு மேற்பார்வையாளரிடம் போய் இந்த ஈமெயிலைக் காட்டுங்கள். தரவு அவருடையதும்தான். விருப்பம் வந்த பேராசிரியர் முதலில் எழுதப்போவதும் அவருக்குத்தான். "எனக்குத் தெரியாதே" என்று அவர் பதில் போட்டால் எல்லாம் அங்கேயே நின்றுவிடும்.

அவரிடம் போகும்போது மீட்டரையும் கேட்டு வாங்குங்கள். உங்களிடம் மாரிக்கால அளவு மட்டும்தான் இருக்கிறது. மோட்டர் உள்ள அந்த 7 கிணறுகளின் ஆழத்தையும், ஒரு நாளைக்கு எத்தனை தடவை தாங்கி நிரப்புகிறார்கள் என்பதையும் வீட்டுக்காரரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஓகஸ்ட் வெயிலில் இன்னொரு முறை அளந்துவிட்டால் முதல் பந்தியின் கடைசி வசனம் மாறிவிடும். மாறிய பிறகு எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், ஆங்கிலத்தைச் சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா