என் பார்சி நண்பர் தினமும் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து, ஏதோ முணுமுணுத்துக்கொண்டே திரும்பக் கட்டுகிறார். அது பூணூல் மாதிரியா?

ஒரே அறையில் தங்கியிருக்கிறீர்கள் போல. நான் சென்னையில் வளர்ந்த பார்சி. பூணூலா என்ற கேள்வி பள்ளி நாளிலிருந்தே பழக்கம், கேட்பதில் தப்பில்லை. ஆனால் பூணூல் எப்போதும் தோளில் கிடப்பது. குஸ்தி என்ற எங்கள் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துக் கட்டுவதுதான் வழிபாடே. எழுந்ததும், கழிப்பறை போய்வந்ததும், குளித்ததும், தொழுகைக்கு முன்பும் கட்டுவோம். பெண்களும் கட்டுவார்கள்.

பார்சிக் குழந்தைகளுக்கு முதன்முதலில் குஸ்தி கட்டிவிடும் சடங்கு நவ்ஜோத். என் நவ்ஜோத்துக்கு முந்தைய கோடை விடுமுறையில், குஜராத்தின் நவ்சாரியில் மமாய்ஜி (அம்மாவின் அம்மா) ஒரு நாடாவை வைத்துப் பழக்கினார். முகம், கை கால் கழுவி, வெளிச்சம் பார்த்து நிற்க வேண்டும். பகலில் சூரியன், இரவில் விளக்கு. 'கேம் நா மஸ்தா' என்ற மந்திரத்தைச் சொல்லி முடிச்சை அவிழ்ப்போம். அடுத்தது 'ஹோர்மஸ்த் கோதாய்'. தீமையின் வடிவான அஹ்ரிமான் ஒழியட்டும் என்று வரும்போது கயிற்றின் நுனியைச் சுண்டுவோம். பிறகு சுத்ரே என்ற வெள்ளைச் சட்டைமேல் மூன்று சுற்று. நல்ல எண்ணம், நல்ல சொல், நல்ல செயல் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள்.

எனக்குத் தகராறு முன்முடிச்சில்தான். 'யதா அஹு வைர்யோ'வை இரண்டு முறை சொல்ல வேண்டும். இரண்டிலும் 'ஷ்யோதனனாம்' என்ற சொல் வரும்போது ஒவ்வொரு பாதி முடிச்சு விழ வேண்டும். நான் அவசரத்தில் முன்னாலேயே இழுத்துவிடுவேன். மமாய்ஜி திட்டமாட்டார், அவிழ்த்து, முதலிலிருந்து சொல்லச் சொல்வார். அந்தச் சொல்லுக்குச் 'செயல்களின்' என்று பொருள் என்பதைப் பல வருஷம் கழித்துத்தான் படித்தேன். நினைப்பதோடு நிற்காமல் செய்வேன் என்று அந்த இடத்தில் நம்மையே கட்டிக்கொள்கிறோம். பின்முடிச்சு 'அஷெம் வோஹு'வோடு. வீட்டுக்கு வீடு சின்ன வித்தியாசம் இருக்கும். பெரியவர்கள் யாராவது திருத்தினால் சண்டை போடமாட்டேன்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அப்பாவின் அறுவை சிகிச்சைக்கு முன் ஒரு மருத்துவமனையில் குஸ்தியைக் கத்தரியால் வெட்டிவிட்டார்கள். அரைஞாண் என்று நினைத்தார்களாம். எங்கள் வேத நூலின் பகுதியான யஸ்னாவின் 72 அதிகாரங்களுக்காக 72 ஆட்டுக்கம்பளி இழைகளில் நெய்தது அது. கேட்டிருந்தால் அப்பாவே ஒரு நிமிடத்தில் அவிழ்த்துக் கொடுத்திருப்பார். சேர்க்கைப் படிவத்தில் மதம் என்ற இடத்தில் எங்களைக் கேட்காமலே 'கிறிஸ்தவர்' என்று வேறு எழுதியிருந்தார்கள்.

நான்காம் நாள் வீட்டிலிருந்து புதுக் குஸ்தி கொண்டுபோனேன். அப்பாவால் நிற்க முடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, ஜன்னல் பக்கம் திரும்பிச் சொன்னார். முன்முடிச்சை அவரே சரியான சொல்லில் போட்டார். கை பின்னால் போகவில்லை. பின்முடிச்சை நான் போட்டேன்.

உங்கள் நண்பர் கட்டும்போது மட்டும் பேச்சுக் கொடுக்காதீர்கள். இரண்டு மூன்று நிமிடம்தான் ஆகும்.