ஏப்ரல் 12 எந்த வருடத்துக் காசு?

"நான் கொழும்பில் இருக்கிறேன். இந்தியாவில் உள்ள வைப்புக்கு ஏப்ரலில் வட்டி வந்தது. அங்கத்தைய படிவத்தில் நிதியாண்டு, மதிப்பீட்டாண்டு என்று இரண்டு இருக்கிறது. எதைப் போடுவது?"

நீங்களும் என்னைப் போல இங்கத்தைய இறைவரிப் படிவத்தை நிரப்பிப் பழகிய ஆளாகத்தான் இருப்பீர்கள். அந்தப் பழக்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு இதை வாசியுங்கள். எனக்கு 15,735 இந்திய ரூபாய் போனது அந்தப் பழக்கத்தால்தான்.

இலங்கையில் வருடத்துக்கு ஒரு பெயர்தான். மதிப்பீட்டாண்டு 2023/2024 என்றால் 2023 ஏப்ரல் 1 முதல் 2024 மார்ச் 31 வரை உழைத்த காசு. இந்தியாவிலும் அதே ஏப்ரல், அதே மார்ச். ஆனால் காசு வந்த வருடத்துக்கு நிதியாண்டு என்று பெயர். அது முடிந்தபின் அந்தக் காசைக் கணக்குப் பார்க்கும் அடுத்த வருடத்துக்குத்தான் மதிப்பீட்டாண்டு என்று பெயர். நிதியாண்டு 2022-23இல் வந்த வருமானத்துக்குப் படிவத்தில் மதிப்பீட்டாண்டு, அதாவது AY 2023-24 என்று போட வேண்டும். ஆக, கொழும்பில் 2023/2024 என்றால் ஒரு பன்னிரண்டு மாதம், திருச்சியில் AY 2023-24 என்றால் அதற்கு முந்திய பன்னிரண்டு மாதம். எண்ணும் ஒன்று, தமிழ்ச் சொல்லும் ஒன்று. இதைவிட நல்ல பொறி யாரும் வைக்க ஏலாது.

என் மனைவி திருச்சிக்காரி. இந்தியக் கடவுச்சீட்டு, பத்து வருடத்துக்கு மேலாக வெள்ளவத்தையில் என்னோடு. மாமனார் அவவுக்குக் கொடுத்த 8 லட்சம், அங்கே ஒரு வங்கியில், வெளிநாட்டில் இருக்கிற இந்தியருக்கான என்.ஆர்.ஓ. வைப்பில் கிடந்தது. 2022 ஏப்ரல் 12இல் போட்டது, ஒரு வருடம், நூற்றுக்கு ஆறரை. 2023 ஏப்ரல் 12, சித்திரை வருடப்பிறப்புக்கு இரண்டு நாள் முன்னம், முதிர்ந்து வட்டியோடு கணக்கில் விழுந்தது. கூட்டுவட்டிச் சில்லறையை விட்டால் வட்டி 52,000. என்.ஆர்.ஓ. வட்டியில் டி.டி.எஸ். என்று 31.2 வீதம் வரி பிடித்துவிட்டுத்தான் தருவார்கள். 16,224 போய்விட்டது. ஆனால் அவவுக்கு இந்தியாவில் வேறு வருமானம் இல்லை. அந்த வருடம் 2,50,000 வரை வரி கிடையாது. படிவம் போட்டால் பிடித்தது முழுக்கத் திரும்பி வரும்.

2023 ஜூலையில் மனைவியின் அண்ணா கோல் எடுத்தார். "மாப்பிள்ளை, 31ஆம் தேதி கடைசி, ரிட்டர்ன் போட்டுடுங்க." எனக்குச் சிரிப்பு வந்தது. "காசு வந்ததே ஏப்ரலில் அண்ணா. அது 2023/2024. வருடமே இன்னும் முடியேல்லையே." இங்கத்தைய படிவத்துக்கு 2024 நவம்பர் 30 வரை தவணை இருந்தது, அந்த நினைப்பில் நிம்மதியாக இருந்தேன். மனைவி மட்டும், "எதுக்கும் ஒரு தடவை உள்ள போய்ப் பாத்துடுங்களேன்" என்றா. பார்க்கவில்லை.

2024 ஜூலையில் உட்கார்ந்தேன். அதற்குள் ஒரு வருடத்தைக் கூட்டிச் சொல்ல வேண்டும் என்று யாரோ சொல்லித்தந்திருந்தார்கள், AY 2024-25 என்று சரியாகத்தான் தெரிவு செய்தேன். அவவின் பெயரில் பிடித்த வரியெல்லாம் பதிவாகியிருக்கும் Form 26AS திறந்தது. மேலே Financial Year 2023-24, Assessment Year 2024-25, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். கீழே வட்டியாக 1,567, பிடித்த வரியாக 489. அவ்வளவுதான். முதலில் வங்கிதான் களவெடுத்துவிட்டது என்று நினைத்தேன்.

வங்கி ஒன்றும் செய்யவில்லை. காசு கைக்கு வரும் வரை அவர்கள் காத்திருப்பதில்லை. மார்ச் 31 வரை ஊறிய வட்டியைத் தங்கள் புத்தகத்தில் வரவு வைத்து, அதற்கு அன்றைக்கே வரியைப் பிடித்துக் கட்டிவிடுகிறார்கள். 2022 ஏப்ரல் 12 முதல் 2023 மார்ச் 31 வரை 354 நாள். 52,000இல் அந்த நாட்களின் பங்கு 50,433, அதற்கு வரி 15,735. மிச்சம் 11 நாளின் பங்குதான் 1,567. பெரிய பங்கு முழுக்க நிதியாண்டு 2022-23இல், அதாவது AY 2023-24இல் கிடந்தது. அந்த வருடத்துக்குப் படிவம் போடும் தவணை 2023 ஜூலை 31. பிந்திப் போடுகிறவர்களுக்கு 2023 டிசம்பர் 31. நான் போய்ப் பார்த்த நாளில் கதவு மூடி ஏழு மாதம்.

கொமென்டில் வரப்போகிற சார்டட் தம்பிமாருக்கு ஒரு சொல். வட்டியைக் கைக்கு வந்த நாளில் காட்டும் முறையும் இந்தியச் சட்டத்தில் உண்டு என்று தெரியும். முந்திய வருடம் பிடித்த வரியைப் பின்னுக்குக் கொண்டுவர அட்டவணையில் ஒரு கட்டம் இருப்பதும் தெரியும். ஆனால் அதற்கு முந்திய வருடத்துப் படிவத்தில் அந்த வரியை மீதி என்று காட்டியிருக்க வேண்டும். படிவமே போடாதவன் எதைக் காட்டுவது? பிந்திப் போடுகிற ITR-U இருக்கிறதே என்பீர்கள். அதில் வரி கட்டலாம், திருப்பிக் கேட்க முடியாது. மிஞ்சியது தாமதத்தை மன்னிக்கச் சொல்லும் விண்ணப்பம் ஒன்றுதான். மனைவி பெயரில் அதைப் போட்டேன். காரணம் என்ற இடத்தில் இரண்டு நாட்டு வருடங்களும் எனக்கு மாறிப்போன கதையை எழுத வெட்கமாகத்தான் இருந்தது.

இதற்காகத் திருச்சிக்கு ஒரு தரம் போனேன். ஓட்டோக்காரர் முதல் வங்கிக் காவலாளி வரை எல்லாரும் கேட்டது, "நீங்க கேரளாவா சார்?" இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துத் தமிழை மலையாளம் என்கிறவர்களிடம் வருடக் கணக்கை எங்கே போய் விளங்கப்படுத்துவது. சரி, அது வேறு கதை.

உங்கள் காசுக்கு வாருங்கள். வட்டி விழுந்த திகதியை வைத்து வருடத்தைத் தீர்மானிக்க வேண்டாம். ஏப்ரலில் முதிர்ந்த வைப்பு என்றால் இரண்டு வருடத்து 26ASஐயும் இறக்குங்கள். ஒவ்வொரு பதிவிலும் Transaction Date என்று ஒரு திகதி இருக்கும். மார்ச் 31 வரை உள்ளது ஒரு படிவத்துக்கு, ஏப்ரல் 1 முதல் உள்ளது அடுத்த படிவத்துக்கு. கையில் வந்த தொகையும் அதில் உள்ள தொகையும் ஒத்து வராவிட்டால், மிச்சம் பக்கத்து வருடத்தில்தான் இருக்கும்.

இலங்கைப் பக்கம் வேறு. இங்கே தனி ஆளுக்கு வட்டி கைக்கு வந்த நாள்தான் கணக்கு, ஆகவே அந்த 52,000 முழுவதும் 2023/2024 படிவத்தில்தான் வந்தது. ஒரே காசு, அங்கே இரண்டாகப் பிரிந்தது, இங்கே ஒன்றாக நின்றது. இரண்டு படிவமும் ஒத்து வரவில்லையே என்று பயந்து ஒன்றைப் பார்த்து மற்றதைத் திருத்தப் போகாதீர்கள்.

இன்னொன்று. இந்தியா புதுச் சட்டம் கொண்டுவந்திருக்கிறது. 2026 ஏப்ரல் 1 முதல் வரும் வருமானத்துக்கு மதிப்பீட்டாண்டு என்ற பெயரே இல்லை, வரியாண்டு என்று ஒன்றே ஒன்று, நம்முடையதைப் போல. உங்கள் வட்டி அதற்கு முந்தியது என்றால் பழைய கணக்குத்தான். 2026 மார்ச் 31 வரை ஊறியது AY 2026-27இல் போகும். அதற்கு அடுத்த நாள் தொடங்கும் வரியாண்டின் பெயரும் 2026-27தான். அந்த ஏப்ரலில் முதிர்கிற வைப்பு உள்ளவர்களை நினைத்தால் எனக்கு இப்போதே வயிற்றைக் கலக்குகிறது.

489 ரூபாய் வந்து சேர்ந்தது. மற்ற விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் இல்லை. மனைவி ஒவ்வொரு ஜூலையும் ஒன்றும் சொல்லாமல் லப்டொப்பைத் திறந்து என் முன்னால் வைக்கிறா.