12 மெகாபிக்சலில் 0.55, 50 மெகாபிக்சலில் 0.21: எதை நம்புவது?

கேள்வி: என் போனில் 12, 50 மெகாபிக்சல் என்று இரண்டு முறைகள் இருக்கின்றன. சாய்ந்த கறுப்பு விளிம்பு ஒன்றை அச்சிட்டு, இரண்டிலும் படம் எடுத்து MTF Mapper என்ற மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். MTF50 அளவு 12-இல் 0.55, 50-இல் 0.21 என்று வருகிறது. அப்படியானால் 50 மெகாபிக்சல் சும்மா கணக்குக்குத்தானா?

பதில்: இந்த இரண்டு எண்களையும் அப்படியே ஒப்பிட முடியாது. கோடுகள் நெருங்க நெருங்க மங்கி, அவற்றின் வேறுபாடு பாதியாகக் குறையும் இடத்தைத்தான் MTF50 சொல்கிறது. இவை ஒரு பிக்சலுக்கு எத்தனை சுழற்சி, அதாவது எத்தனை கறுப்பு-வெள்ளைக் கோட்டு ஜோடி என்ற அலகில் இருக்கின்றன. 50 மெகாபிக்சல் படத்தில் பிக்சலே பாதி அகலம்தான். அதனால் முதலில் படத்தின் உயரத்துக்கு எத்தனை கோடுகள் என்று மாற்றிக்கொள்ளுங்கள்:

```
கோடுகள் = 2 × MTF50 × படத்தின் உயரம் (பிக்சலில்)
```

உங்கள் படங்கள் 4080×3060, 8160×6120 என்று வைத்துக்கொள்வோம். 12 மெகாபிக்சலுக்கு 2 × 0.55 × 3060, அதாவது 3366 கோடுகள். 50-க்கு 2570. சின்னப் படம்தான் ஜெயித்த மாதிரி தெரிகிறது. ஆனால் 3060 பிக்சல் உயரமுள்ள படம் 3366 கோடுகளைப் பிரித்துக் காட்டவே முடியாது. 0.5-ஐத் தாண்டிய MTF50 எதைப் பார்த்தாலும் முதலில் சந்தேகப்படுங்கள். அது பெரும்பாலும் லென்ஸின் திறமையாக இருக்காது, போன் செய்த ஷார்ப்பனிங்காகத்தான் இருக்கும்.

காரணம் இந்தச் சோதனை வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. விளிம்பை சுமார் 5 டிகிரி சாய்த்து வைத்தால், ஒவ்வொரு பிக்சல் வரிசையிலும் அது 0.09 பிக்சல் அளவு நகரும். பத்துப் பதினொரு வரிசைகளைச் சேர்த்தால், பிக்சலைவிட நுண்ணிய படிகளில் கறுப்பு எப்படி வெளுப்பாக மாறுகிறது என்ற வளைகோடு கிடைத்துவிடும். நேராக வைத்தால் இந்த நகர்வு இல்லை, அதற்காகத்தான் சாய்வு. அந்த மாற்றம் எவ்வளவு செங்குத்தாக இருக்கிறதோ அந்த அளவுக்கு எண் கூடும். ஷார்ப்பனிங் செய்வது அதையேதான்: மாற்றத்தைச் செங்குத்தாக்கிவிட்டு, கறுப்புப் பக்கம் கூடுதல் கறுப்பாகவும் வெள்ளைப் பக்கம் கூடுதல் வெள்ளையாகவும் ஒரு கரையை விட்டுவிடும். மென்பொருளுக்கு எது கண்ணாடி, எது கணக்கு என்று தெரியாது.

எனவே எண்ணைப் பார்ப்பதற்கு முன் விளிம்பின் வளைகோட்டைப் பாருங்கள். சமதளத்துக்கு வருமுன் ஒரு மேடு எழும்பி இறங்கினால் அது ஷார்ப்பனிங். MTF வரைபடம் நடுவில் 1-ஐத் தாண்டி மேலே போனாலும் அதே நோய்தான்.

சரி, உண்மையான அளவு வேண்டுமென்றால் ஜேபெக்கை விட்டுவிட்டு, ப்ரோ முறையில் டிஎன்ஜி என்ற பச்சை ஃபைலாக எடுங்கள். LibRaw-உடன் வரும் dcraw_emu கட்டளையால் அதை ஷார்ப்பனிங் எதுவும் சேர்க்காமல் 16 பிட் நேரியல் டிஃப் ஆக மாற்றலாம்:

```
dcraw_emu -4 -T படம்.dng
```

ஒரு எச்சரிக்கை: சில போன்கள் பல ஃபிரேம்களைச் சேர்த்துச் சமைத்த டிஎன்ஜியைத்தான் தருகின்றன. அதிலும் மேடு தெரிந்தால் அது முழுப் பச்சை ஃபைல் அல்ல. அச்சிலும் கவனம் வேண்டும். அடர் கறுப்பு, தூய வெள்ளையைவிட இரண்டு சாம்பல் நிறங்கள் நல்லது. இந்தச் சோதனைக்கான தரநிலையான ஐஎஸ்ஓ 12233-இன் 2014 பதிப்பே 4:1 என்ற மிதமான வேறுபாட்டுக்கு மாறிவிட்டது. வெளிச்சம் மிகுந்து வெள்ளைப் பக்கம் வெந்து போனாலும் எண் கெட்டுப்போகும். கிட்டே போய் எடுக்காமல் தள்ளி நின்று எடுங்கள், இல்லாவிட்டால் பிரிண்டரின் மங்கலையும் சேர்த்து அளப்பீர்கள். ஸ்டாண்டில் வைத்து, டைமர் போட்டு, ஒவ்வொரு முறையும் புதிதாக ஃபோகஸ் செய்து பல படங்கள் எடுத்து, சிறந்ததை வைத்துக்கொள்ளுங்கள். எண்கள் ஒன்றுக்கொன்று வெகுவாக விலகினால் நீங்கள் அளப்பது ஃபோகஸின் தடுமாற்றத்தை.

டிஎன்ஜியில் 12-க்கு 0.31, 50-க்கு 0.18 என்று வந்தால் கோடுகள் 1897, 2203. பிக்சல் நான்கு மடங்கு, விவரம் சுமார் 16 சதவீதம் மட்டும் கூடுதல். அதற்கு நான்கு மடங்கு இடத்தை விட்டுக்கொடுக்கலாமா என்பது உங்கள் முடிவு; என் விருப்பம் 12.

உங்கள் போன் 50-இல் டிஎன்ஜி தராவிட்டால், இரண்டு முறைகளின் ஜேபெக் வரைபடங்களையும் கோடுகள் அலகில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, எது எந்த இடத்தில் தரையைத் தொடுகிறது என்று பாருங்கள். ஷார்ப்பனிங் இருக்கிற வேறுபாட்டைத்தான் பெருக்கும், இல்லாததைப் பெரும்பாலும் உயிர்ப்பிக்காது.

இன்னொரு விஷயம். போனின் இரைச்சல் நீக்கி, பளிச்சென்ற விளிம்பைத் தொடாமல் விட்டுவிட்டு முடி, புல், துணி நெசவு போன்றவற்றை வழித்துவிடும். சாய்விளிம்புச் சோதனையில் அது கொஞ்சமும் தெரியாது. வெளிச்சம் குறைவான இடத்தில் எடுத்த படங்களுக்கு இந்த எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பல அளவு வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடக்கும் உதிர்இலை அட்டையை வைத்துத் தனியாகச் சோதிக்க வேண்டும்.